பஸ்ஸருக்குத் தாமதமான விரல்

உளவியல் எம்.எஸ்ஸி. படித்தபோது, துலங்கல் நேரச் சோதனைக்கு வேறு ஆள் கிடைக்காமல் அக்காவையே கல்லூரிக்குக் கூட்டிப் போனேன். கும்மிடிப்பூண்டியில் நாளெல்லாம் தடதடவென்று தகடு அடிக்கும் பிரஸ் ஷாப்பில் அவளுக்கு வேலை. ஷிப்ட் முடிந்து அப்படியே வந்திருந்தாள். விளக்கு எரிந்தாலும் பஸ்ஸர் ஒலித்தாலும் உடனே பொத்தானை அழுத்த வேண்டும். பொதுவாக ஒலிக்குத்தான் விரல் சீக்கிரம் நகரும். அக்கா விளக்குக்கு எல்லோரையும் போல அழுத்தினாள். பஸ்ஸருக்கு வெகு தாமதம்.

முடிவு ஏறுக்குமாறாக வந்தால் எங்கள் வகுப்பே எழுதும் வரி ஒன்று உண்டு. அறிக்கையின் விவாதப் பகுதியில் நானும் அதையே எழுதினேன்: ‘பங்கேற்பாளரின் களைப்பே காரணம்.’

பேராசிரியை அதைச் சிவப்பு மையால் அடித்தார். “களைப்புன்னா ரெண்டுமே லேட்டாகணும். வெளிச்சத்துக்கு மட்டும் எப்படி டக்குனு அழுத்தினாங்க?”

திரும்ப எழுத வேண்டுமே என்ற அலுப்போடு மணவாள நகர் வீட்டுக்கு வந்தேன். டிவி அலறிக்கொண்டிருந்தது. சத்தத்தைக் குறைக்கச் சொல்லி தினமும் அக்காவோடு எனக்குச் சண்டைதான். ரிமோட்டை எடுத்தவள் அப்படியே நின்றுவிட்டேன். பக்கத்து வகுப்புக்குத் தொந்தரவு என்று ஆய்வகத்தில் பஸ்ஸரை எப்போதும் மெல்லத்தான் வைப்போம். காது மந்தமானவருக்கு மெல்லிய ஒலி தேய்ந்துதான் கேட்கும், விரலும் பிந்தும்.

‘ஒருவரின் அளவீட்டை வைத்து முடிவு சொல்ல இயலாது, இவரது செவித்திறனைச் சோதிக்க வேண்டும்’ என்று மாற்றி எழுதினேன்.

டிவியை அணைத்துவிட்டு அதை அக்காவிடம் படித்துக் காட்டினேன்.

“இன்னாடி, வாய்க்குள்ளயே முணுமுணுத்துக்கினு இருக்க?” என்றாள்.