மாதச் சாப்பாடும் என் கணக்குத்தாளும்

எனக்கு அப்போது முப்பத்தொரு வயது. தேயிலைத் தோட்ட ஆபீசில் சம்பளக் கணக்கு எழுதும் கிராணி வேலை. தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் தனி வீடு. கல்யாணமாகாத ஆண்கள் ஏழு பேர் அந்த வரிசையில் இருந்தோம். கடைசி வீட்டு அக்காவிடம்தான் எங்களுக்குச் சாப்பாடு. லோரி ஓட்டிய அவள் கணவர் இறந்தபின் அதுதான் அவளுக்குப் பிழைப்பு. ஆளுக்கு மாதம் எங்கள் ஊர்ப் பணம் முந்நூறு வெள்ளி. மதியமும் சாயங்காலமும் சாப்பாட்டுக் கேரியரை அவளே கொண்டுவந்து கதவுக் கொக்கியில் மாட்டிவிட்டு, காலியானதை எடுத்துப் போவாள்.

முந்நூறு வெள்ளி எனக்குக் கண்ணை உறுத்தியது. ஆபீசில் மற்றவர் சம்பளத்தைக் கூட்டிக் கூட்டி எதையும் கூட்டிப் பார்க்கும் புத்தி வந்திருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை கலண்டர் தாளைக் கிழித்து அதன் பின்பக்கம் எழுதினேன். அரிசி முப்பது. பருப்பு, எண்ணெய், மசாலைத்தூள் நாற்பது. கோழி, முட்டை, மீன் எழுபது. கியா பார்ம் சந்தையில் கழித்துப்போடும் முட்டைக்கோசும் தக்காளியும் வாங்கினால் காய்க்கு இருபது. முப்பது வெள்ளி கேஸ் தோங், அதாவது சிலிண்டர், மூன்று மாதம் வரும் என்று மாதத்துக்குப் பத்து. மொத்தம் நூற்று எழுபது. நேரம் என்று ஒரு வரி எழுதி, எதிரே சைபர் போட்டேன். என் நேரம்தானே, யாருக்குக் காசு கொடுக்க வேண்டும்?

நூற்று முப்பது மிச்சம். அதோடு சும்மா இருந்திருக்கலாம். தாளைக் கொண்டுபோய், காலையில் பெயர் கூப்பிடும் பெரட்டுக் களத்தில் எல்லோருக்கும் காட்டினேன். கிராணி போட்ட கணக்கு என்றால் தோட்டத்தில் மறுபேச்சு இல்லை. அந்த மாதக் கடைசியில் என்னையும் சேர்த்து ஐந்து பேர் அக்காவிடம் சாப்பாட்டை நிறுத்திவிட்டோம்.

எங்கள் ஏழு பேரில் ஒருவரான பக்கத்து வீட்டு அண்ணன் நிறுத்தவில்லை. ஐம்பத்தெட்டு வயது, கொழுந்து வெட்டும் மெஷின் பிடிப்பவர். சக்கரை வியாதிக்காரர். அவருக்கென்று அக்கா தனியாகக் கேழ்வரகுக் களியும் கீரையும் வைப்பாள்.

"தம்பி, எனக்கு வெந்நி வைக்கத்தான் தெரியும். அக்கா நிறுத்திட்டா நான் எங்க போவேன்? அந்தத் தாள மடிச்சு வச்சிரு லா," என்றார்.

"ரெண்டு பேருக்கு வைக்க மாட்டாங்களா அண்ணே?" என்றேன், பெரிய அறிவாளி மாதிரி தாளை அவர் கையிலேயே திணித்து.

அக்கா ஒரு மாதம் இழுத்துப் பார்த்தாள். பிறகு என் வாசலுக்கு வந்தாள். "ஏழு பேருக்கு வச்சாலும் ரெண்டு பேருக்கு வச்சாலும் என் பொழுது அதேதான் தம்பி. கட்டுப்படியாகல. லெம்பா பெர்த்தாம்ல காய்த் தோட்டத்து வேலைக்குக் கூப்புடுறாங்க, அங்கயே போயிடுறேன்," என்றாள். கோபம்கூட இல்லை. அதுதான் எனக்கு எரிச்சலாக இருந்தது.

என் சமையல் லட்சணம் சீக்கிரமே தெரிந்தது. இந்த மலைக் குளிரில் பருப்பு லேசில் வேகாது. குளிக்கவும் அதே அடுப்பில் தண்ணீர் காய வைத்தேன். மூன்று மாதம் என்று எழுதிய தோங் ஐந்தாவது வாரத்தில் தீர்ந்தது. ஆறு மணிக்கு வந்து அடுப்பைப் பற்றவைத்தால் சாப்பிட எட்டாகும். பாதி நாள் மெகி மீ நூடுல்ஸ்தான். ஆனால் நஷ்டம் என்று யாரிடமும் சொல்லவில்லை, வீம்பு.

அண்ணன் ரொட்டியும் டின்பால் தேத்தண்ணியுமாகக் காலம் தள்ளினார். ஒருநாள் கூப்பிட்டுச் சோறு கொடுத்தேன். அடுத்த நாள் கொடுக்கவில்லை. ஒரு ஆளுக்கு அளந்து வாங்கிய சாமான் அது.

பிறகு ஒரு ஞாயிறும் திங்களும் சேர்ந்தாற்போல் லீவு வந்தது. நான் ஈப்போவுக்குப் போய்விட்டேன். மற்றவர்கள் அவரவர் அடுப்படியில். அண்ணன் வீட்டுக்கு ஒரு பக்கம் பூட்டிய என் வீடு, மறுபக்கம் காலியாகிவிட்ட அக்கா வீடு. செவ்வாய் காலை பெரட்டில் பெயர் கூப்பிட்டபோது அண்ணன் இல்லை. கதவை உடைத்தோம். அடுப்புக்குக் கீழே கிடந்தார், மூச்சு இருந்தது. ஞாயிறு மத்தியானமே விழுந்ததாகச் சொன்னார். கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தொண்டை கட்டிப்போயிருந்தது. ஆஸ்பத்திரியில் மூன்று நாள் கிடந்து இறந்தார். முதல் நாளே கொண்டுவந்திருந்தால் பார்த்திருக்கலாம் என்றார் டாக்டர்.

சாவு எடுப்புக்கு அக்கா வந்திருந்தாள். காய்த் தோட்டத்துச் சேறு காலில் அப்படியே இருந்தது. அழுது முடித்துவிட்டு என்னிடம் வந்தாள்.

"நான் இருந்தா ஞாயித்துக்கிழம சாயங்காலமே தெரிஞ்சிருக்கும் தம்பி. மத்தியானச் சோறு கொக்கியிலயே தொங்குனா கதவத் தட்டாம வருவேனா?"

அவள் என்னைக் குற்றம் சொல்லவில்லை, சொல்லிக்கொண்டிருந்தாள், அவ்வளவுதான். நான் அங்கிருந்து நகர்ந்து அண்ணன் வீட்டுக்குள் போனேன். அவர் வீட்டுச் சாமான்களை ஒதுக்கும்போது மேசைமேல் என் கணக்குத்தாள் இருந்தது. மடித்து வைத்திருந்தார்.