கட்டை சார் தள்ளிவிட்ட கேள்வி

“சார், இந்தக் கேள்வியில n-க்கு ஒண்ணு போட்டுப் பாத்தீங்களா?”

“எதுக்கும்மா?”

“இடப்பக்கம் ஒண்ணு வருது, வலப்பக்கம் ரெண்டு வருது.”

“முதல் கட்டை எப்பவும் விழும்மா. நான்தானே தள்ளிவிடறேன்!”

சொல்லிவிட்டு அவரே சிரித்தார். வாயிலிருந்த பிஸ்கட் தூள் விடைத்தாள்களின் மேல் தெறித்தது. அவருக்குத் தாள் திருத்திக் கொடுக்கும் இளம் விரிவுரையாளரான அவள், நாற்காலியைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள்.

முதலாம் ஆண்டுக் கணித மாணவர்களுக்கு அவர் கட்டை சார். ஒரு கூற்று ஒன்றுக்கு உண்மை, ஓர் எண்ணுக்கு உண்மையானால் அடுத்த எண்ணுக்கும் உண்மை என்று காட்டி எல்லா எண்களுக்கும் நிறுவும் தொகுத்தறிதல் பாடம் வந்தால் மரப்பெட்டியோடு வருவார். நாற்பது டோமினோ கட்டைகளை மேசையில் வரிசையாக நிறுத்தி, சுண்டுவிரலால் முதல் கட்டையைத் தட்டுவார். எல்லாம் சடசடவென்று சரியும். கைதட்டல் அடங்குவதற்குள் மணி அடித்துவிடும். முதல் கட்டை விழுந்ததா, அதாவது n = 1-க்குக் கூற்று உண்மையா என்று தனியாகச் சரிபார்க்க வேண்டும் என்பதை இருபது வருடத்தில் அவர் ஒருமுறையும் சொன்னதில்லை.

இந்தத் தேர்வில், ஒன்று முதல் n வரையான எண்களின் கூட்டுத்தொகை n² + n-இல் பாதி என்று நிறுவச் சொல்ல வேண்டியவர், n² + n + 2-இல் பாதி என்று அச்சிட்டுவிட்டார். வேடிக்கை என்னவென்றால், k-க்கு உண்மை என்று வைத்துக்கொண்டு k + 1-ஐக் கூட்டினால் அடுத்த படி கச்சிதமாக வந்துவிடும். ஒவ்வொரு கட்டையும் அடுத்ததைத் தள்ளத் தயார். முதல் கட்டைதான் விழாது.

அறுபது பேர் ‘n = 1-க்கு உண்மை என்பது வெளிப்படை’ என்று கூசாமல் எழுதியிருந்தார்கள். சிலர் கட்டைகளைப் படமாகவே வரைந்திருந்தார்கள். கடைசி பெஞ்சுப் பெண் ஒருத்தி மட்டும், ‘ஒன்றும் இரண்டும் சமமல்ல. முதல் கட்டை விழவில்லை. கூற்று தவறு’ என்று மூன்றே வரியில் முடித்திருந்தாள். தாள் திருத்தியவள் அதற்குப் பத்துக்குப் பத்து போட்டாள். அந்தப் பத்து இருந்தால்தான் அந்தப் பெண் தேறுவாள்.

தாள்கள் கட்டை சாரின் கையெழுத்தோடு திரும்பி வந்தபோது அறுபது பேருக்கும் முழு மதிப்பெண். அந்தப் பெண்ணின் ‘10’-இல் ‘1’ மட்டும் அடிக்கப்பட்டு, வெறும் சுழி நின்றது. பக்கத்தில், ‘நிரூபணம் எங்கே?’

இளம் விரிவுரையாளர் தாளைத் துறைத்தலைவர் அறைக்குக் கொண்டுபோனாள். அந்த அம்மாள் n-க்கு ஒன்று போட்டுப் பார்க்க அரை நிமிடம்கூட ஆகவில்லை. பத்து திரும்ப ஏறியது. அந்தப் பெண் தேறினாள்.

மறுநாள் மாடிப்படியில் கட்டை சார் இளம் விரிவுரையாளரை மறித்தார். அக்குளில் மரப்பெட்டி, முகத்தில் அசட்டுச் சிரிப்பு.

“உன்கிட்ட ஒண்ணே ஒண்ணு கேக்கறேம்மா. பசங்களைச் சோதிக்க சார் வேணும்னே தப்பா வச்ச கேள்வி அதுன்னு, நீயே கிளாஸ்ல சொல்லிடறியா?”