எண்ணாமல் விட்ட மிக்சி ஜார்

எங்கள் லாரி ஆபீஸ் நாமக்கல்லில் இருக்கிறது. அங்கே என்னையும் சேர்த்து இருபது பேர். டயர் கணக்குப் பார்க்கும் வேலை எனக்கு. எழுபது வயதைத் தாண்டியும் என்னை வைத்திருப்பதற்குக் காரணம், நான் எதையும் இரண்டு முறை எண்ணுவேன் என்பதுதான்.

போன தை மாதம் எல்லோருக்கும் மதியச் சாப்பாடு சொல்லும் பொறுப்பு என்னிடம் வந்தது. பில் போடும் பெண்ணுக்கு நிலக்கடலை ஆகாது. மெஸ்ஸுக்குக் கொடுத்த தாளில் "ஒரு பொட்டலத்தில் கடலை கூடாது" என்று எழுதி அடிக்கோடும் போட்டேன். பீன்ஸ் பொரியலில் இரண்டு வாய்தான் சாப்பிட்டாள். உதடு வீங்கி, மூச்சு இழுத்து, ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். பிழைத்துக்கொண்டாள். அதற்குப் பிறகு யார் எதைக் கொடுத்தாலும் தொடமாட்டாள். மாடிப்படியில் தனியாக உட்கார்ந்து தன் டப்பாவைத் திறப்பாள்.

கடலையே போடவில்லை என்று மெஸ்காரர் சொன்னது பொய் என்றே ஐந்து மாதமாக நம்பிக்கொண்டிருந்தேன். ஆனி மாதம், புது சாப்ட்வேர் பயிற்சிக்காக மறுபடியும் இருபது சாப்பாடு சொல்ல வேண்டி வந்ததும் நேரே அவருடைய சமையல்கட்டுக்கே போனேன்.

"ஏனுங்க, அன்னிக்குப் பொரியல்ல கடலைப்பொடி தூவுனீங்களா?"

"சத்தியமா இல்லீங்கய்யா. ஒரு கடலை கூடப் போடலீங்க."

மூலையில் மூடிபோட்ட நான்கு கேன்கள் இருந்தன. ஒன்றைத் திறந்து முகர்ந்தேன்.

"செக்குல ஆட்டுன கடலெண்ணெய்ங்க. எங்க தோட்டத்துக் கடலை" என்றார் பெருமையாக.

அவர் பொய் சொல்லவில்லை. எண்ணெயும் கடலைதான் என்பது அவருக்குத் தோன்றவில்லை. தாளில் எழுதிய எனக்கும்தான்.

அவளிடம் வந்து சொன்னேன். அவள் ஆச்சரியப்படவில்லை.

"செக்கு எண்ணெயா இருக்கும்னு அன்னிக்கே டாக்டர் சொன்னாருங்க."

"அப்புறம் ஏஞ்சாமி எங்கிட்டச் சொல்லல?"

"நீங்க தாள்ல எழுதுனீங்களாங்கறதே எனக்குச் சந்தேகமுங்க" என்று சொல்லிவிட்டுத் திரும்பி பில் போட ஆரம்பித்தாள்.

இந்த முறை மெஸ் வேண்டாம் என்று முடிவு செய்தேன்.

வீட்டிலேயே சமைத்துக் கொடுக்கும் ஓர் அம்மாளைப் பிடித்தேன். ஆபீஸில் பதினொரு பேர் கறி சாப்பிடுகிறவர்கள், ஆறு பேர் சைவம். இரண்டு பேர் பால், தயிர், நெய், தேன் எதையும் தொடாதவர்கள். மீதி ஒருத்தி இவள். ஒரே அடுப்பில் நான்கு விதம் என்றால் கரண்டி எங்கேயாவது மாறும். அதனால் எல்லோருக்கும் ஒரே சமையல்: சோறு, பருப்பு, கோஸ் பொரியல், குருமா. நெய் கிடையாது. தயிர் வேண்டியவர்களுக்குத் தனிப் பாக்கெட்.

"கோழிப் பண்ணை ஊருல உக்காந்துக்கிட்டு ஒரு முட்டைக்குக் கூட வழியில்லீங்களா?" என்று டிஸ்பாட்ச் பையன்கள் கிண்டலடித்தார்கள். பதினொரு முட்டையை என் வீட்டிலேயே வேகவைத்து ஓட்டோடு கொண்டுவருகிறேன் என்றேன்.

பயிற்சி நாளன்று காலை ஆறரைக்கெல்லாம் அந்த அம்மாள் வீட்டில் இருந்தேன். நான் வாங்கிப்போன சூரியகாந்தி எண்ணெய் டின்னின் சீலை என் கண் முன்னால் உடைக்கவைத்தேன். பாத்திரம் ஏழு, கரண்டி ஐந்து. எல்லாம் மறுபடியும் சோப்புப் போட்டுக் கழுவப்பட்டன. ஏழரைக்கு வாசலில் ஸ்கூட்டர் சத்தம் கேட்டது. பில் போடும் பெண் வந்து இறங்கினாள்.

"வேவு பாக்க வந்தியா சாமி?"

"ஆமாங்க. உங்களையும் சேத்துத்தான்."

டின்னில் ஒட்டியிருந்ததை ஓர் எழுத்து விடாமல் படித்தாள். பருப்பைப் பார்த்தாள், தாளித்த சட்டியைப் பார்த்தாள். குருமாவுக்கு அரைத்த தேங்காய் விழுதின் பக்கம் வந்ததும் நின்றாள்.

"அக்கா, இந்த மிக்சி ஜார்ல நேத்து என்னங்க அரைச்சீங்க?"

"இட்லிக்கு நிலக்கடலைச் சட்னி, கண்ணு. கழுவிட்டுத்தான் இதை அரைச்சேன்."

ஜாரைக் கவிழ்த்து பிளேடுக்கு அடியில் கைபேசி வெளிச்சம் அடித்தாள். ரப்பர் வளையத்தின் ஓரத்தில் பழுப்பாக ஒரு கோடு ஒட்டியிருந்தது. மிக்சியை நான் எண்ணவே இல்லை. நான் வருவதற்கு முன்பே தேங்காயை அரைத்து அதை அலமாரிமேல் வைத்துவிட்டார் அந்த அம்மாள்.

அரைத்த விழுது இன்னும் அடுப்புக்குப் போகவில்லை. அவள் அதை எடுத்துக் கொட்டச் சொன்னாள். குருமாவே வேண்டாம் என்று முடிவாயிற்று. அந்த அம்மாள் முனகிக்கொண்டே கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, மேடையைத் துடைத்து, ரசத்துக்குத் தக்காளியைக் கையாலேயே பிசைந்தார். பூண்டை அரிவாள்மனையில் நறுக்கினார். சோறு வெந்ததும், மற்றப் பொட்டலங்கள் எதையும் கட்டுவதற்கு முன்னால், அவள் தன் டப்பாவைத் தானே நிரப்பி மூடினாள்.

மத்தியானம் குருமா எங்கே என்று மூன்று பேர் கேட்டார்கள். முட்டையைக் காட்டினேன்.

அவள் மாடிப்படிக்குப் போகவில்லை. மேஜையின் கோடியில் உட்கார்ந்து, மூச்சு இழுத்தால் போட்டுக்கொள்ள டாக்டர் கொடுத்த ஊசிப் பையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு முதல் வாய் எடுத்தாள். நான் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். பத்து நிமிடம், இருபது நிமிடம்.

"எண்ணுனது போதுமுங்கய்யா, உங்க சோறு ஆறுது" என்றாள்.

முப்பது நிமிடம் எண்ணிவிட்டுத்தான் என் பொட்டலத்தைப் பிரித்தேன்.