அலமாரிக்குள்ளிருந்து வந்த பாட்டு

காரைக்குடியில் ஒலிப்பதிவுக் கூடம் வைத்திருப்பவன் காதில் அதிகம் விழுகிற சொல் ‘எக்கோ’. கடைத் திறப்பு விளம்பரம் பேச வருகிறவரானாலும் சரி, பக்திப் பாட்டுப் பதிய வருகிறவரானாலும் சரி, தொண்டையைச் செருமிக்கொண்டு முதலில் சொல்வது, “அண்ணே, எக்கோவ மட்டும் கொஞ்சம் தூக்கி வச்சிருங்க.” எனக்குச் சுள்ளென்று வரும். எக்கோ என்றால் சொன்ன சொல்லே திரும்பத் திரும்ப வந்து விழுவது. இவர்கள் கேட்பது அதுவல்ல. ஓரிடத்தில் நின்று பாடினால் சுவரும் கூரையும் அந்தக் குரலைக் கொஞ்ச நேரம் பிடித்து வைத்திருந்துவிட்டு அப்புறம் விடுகின்றனவே, அந்தக் கார்வை. அதற்கு ரிவெர்ப் என்று பெயர். இதை விளக்கி விளக்கி எனக்கு வாய் வலித்ததுதான் மிச்சம். இப்போதெல்லாம் “சரிண்ணே, எக்கோதானே, அள்ளிப் போட்டுருவோம்” என்று சொல்லிவிட்டு, நான் நினைத்த அளவுக்குத்தான் போடுகிறேன். அவர்களும் கேட்டுவிட்டு, “இப்பதாண்ணே எக்கோ சூப்பரு” என்று போய்விடுகிறார்கள்.

ஊருக்கெல்லாம் இப்படி நாட்டாமை செய்கிற நான், என் மனைவியின் குரல் வந்தபோது எதையும் செய்யாமல் உட்கார்ந்திருந்தேன்.

அவள் வளைகுடாவில் ஒரு மருத்துவமனையில் நர்ஸ். மகளுக்குப் புதுநன்மை, அதாவது எங்கள் கத்தோலிக்கக் கோயிலில் முதல்முறையாக நற்கருணை, வாங்குகிற வயது வந்துவிட்டது. அந்த நாளுக்கு வந்துவிடுகிறேன் என்று அவளும் சொல்லிக்கொண்டேதான் இருந்தாள், விடுமுறை கிடைக்கவில்லை. மகள் அழவில்லை. அழுதிருந்தால் சமாதானப்படுத்தியிருக்கலாம். “சரிப்பா” என்று மட்டும் சொல்லிவிட்டு வெள்ளை உடுப்பின் அளவு பார்க்கப் போய்விட்டாள். அந்த ‘சரி’தான் என்னைத் தின்றது.

புதுநன்மைப் பிள்ளைகளுக்காக எங்கள் கோயிலில் ஒரு பாட்டுப் பதிந்து, அதை வீடியோவில் சேர்த்து, வெளிநாடுகளில் இருக்கிற சொந்தங்களுக்கெல்லாம் அனுப்புவது வழக்கம். பதிகிற வேலை என் தலையில்தான். அந்த முறை பாட்டு இப்படி அமைந்திருந்தது: ஒரு பெண்குரல் ஓரடி பாடும், பிள்ளைகள் சேர்ந்து மறுஅடி பாடுவார்கள், கடைசிச் சரணத்தில் என் மகள் தனியாகப் பதில் பாடுவாள். அந்தப் பெண்குரலுக்கு யார் என்று பேச்சு வந்தபோது மகள் என் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

“அம்மா பாடட்டும்பா. அங்குட்டுருந்தே பாடி அனுப்பச் சொல்லுங்க. எங்கூட நின்னு பாடுற மாதிரி இருக்கணும்.”

வெளிநாடு போவதற்கு முன்பு எங்கள் கோயில் பாடகர் குழுவில் முதல் குரல் அவளுடையது. கீபோர்டுக்கு இடப்பக்கம், முதல் தூணை ஒட்டி நிற்பாள். பெண் பார்க்கப் போவதற்கு முன்பே அந்தத் தூண் பக்கம் நான் நிறையப் பார்த்திருக்கிறேன் என்பது வேறு விஷயம்.

போனில் அவளுக்குச் சொன்னேன், “அறைக்குள்ள நின்னு பாடாத. அந்த அறையோட சத்தமும் சேந்து வந்துரும், பெறகு அதப் பிரிச்செடுக்க முடியாது. சுத்தமாக் குரல் மட்டும் குடு, மத்தத நான் பாத்துக்கிறேன்.”

“அறையில நிக்காம ஆகாசத்துலயா நிக்கிறது?”

“துணி அலமாரிக்குள்ள உக்காரு. உடுப்பெல்லாம் தொங்குதுல்ல, சத்தத்தக் குடிச்சிரும். கம்பளியையும் போத்திக்க.”

“நல்லா இருக்கீகளே நீக! என்னயக் கொல்லப் பாக்குறீகளா?” என்று திட்டினாள். ஆனால் செய்தாள். கூட இருக்கிற மலையாளப் பெண் வேலைக்குப் போன நேரம் பார்த்து, சீருடைகளுக்கு நடுவே உட்கார்ந்து, ஒரு காதில் நான் அனுப்பிய கீபோர்டு இசையைக் கேட்டுக்கொண்டே பாடி அனுப்பினாள்.

கோப்பைத் திறந்து ஹெட்போனை மாட்டியதும் எனக்கு வேலை ஓடவில்லை. ஒரு துளி கார்வை இல்லை. சுவர் இல்லை, கூரை இல்லை, தூரம் இல்லை. அடி தொடங்குமுன் அவள் மூச்சை இழுப்பது என் காதுக்குள்ளேயே கேட்டது. பாட்டு முடிந்ததும் துணி சரசரத்தது. பிறகு பேச்சுக்குரலில், “போதுமாங்க? மூச்சு முட்டுது. கதவத் தொறக்கட்டுமா?” என்று சிரித்தாள். அந்த வாலை வெட்டித் தனியாக வைத்தேன். பாட்டை அப்படியே பிள்ளைகளின் குரல்களோடு சேர்த்துவிட்டேன்.

கோயிலுக்குள் பதிந்த குரல் உயரமான கூரையையும் சேர்த்துக்கொண்டுதான் வரும். அதன் நடுவில் கார்வையே இல்லாத காய்ந்த குரல் ஒன்றை வைத்தால் ஒட்டாது. தொழிலுக்கு வந்த முதல் வாரமே தெரிந்துகொள்கிற பாடம் இது. தெரிந்தும் நான் கை வைக்கவில்லை. அவள் காதருகில் இருக்கிறாள். நானாக எதற்குத் தள்ளி நிறுத்த வேண்டும்? புருஷன் ஒலிப்பதிவு செய்தால் இப்படித்தான் ஆகும்.

மகள் கூடத்துக்கு வந்து கேட்டாள். பாதியிலேயே முகம் சுருங்கிவிட்டது.

“அம்மா எங்ககூடப் பாடலப்பா. போன்ல பாடுறாக.”

“நல்லாத்தானே கேக்குது?”

“நல்லாத்தான் கேக்குது. ஒட்டவச்ச மாதிரி இருக்கு. உங்க கல்யாணப் போட்டோவுல சித்தப்பாவ ஒட்டவச்சிருக்காகளே, அது மாதிரி.”

எங்கள் பக்கத்தில் இது சகஜம். கல்யாணத்துக்கு வர முடியாத ஆள் வெளிநாட்டிலிருந்து படம் அனுப்புவார், போட்டோக் கடைக்காரர் அவரைக் குடும்பப் படத்தின் ஓரத்தில் நிறுத்திவிடுவார். எல்லாருக்கும் தரையில் நிழல் விழுந்திருக்கும், அவருக்கு மட்டும் இருக்காது. வருகிறவன் போகிறவனெல்லாம் “இவரு துபாய்ல இருந்தாரோ?” என்று கேட்பான். என் தம்பியை அப்படித்தான் நிறுத்தியிருந்தோம். என் மனைவியையும் நான் அப்படியே நிறுத்திவிட்டேன் என்று பிள்ளை சொல்கிறது.

ரோஷம் வந்துவிட்டது. கோயில்தானே வேண்டும், இந்தா கோயில் என்று ரிவெர்ப் மென்பொருளில் இருப்பதிலேயே பெரிய மண்டபத்தைத் தேர்ந்தெடுத்து அவள் குரலின் மேல் கொட்டினேன். எந்த ஆளை நான் காலமெல்லாம் திட்டினேனோ அந்த ‘எக்கோ தூக்குங்க’ ஆளாகவே ஆகிவிட்டேன். சொற்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக் குழைந்தன. மகளை மறுபடி கேட்க வைத்தேன். இந்தத் தடவை அவள் ஒன்றும் குறை சொல்லவில்லை. ஹெட்போனைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, மெல்லக் கேட்டாள்:

“அம்மா ஏம்பா அம்புட்டுத் தூரம் போயிட்டாக?”

ரிவெர்ப் கூடக் கூட ஆள் பின்னால் போவார் என்பதை ஆயிரம் பேருக்குச் சொல்லியிருப்பேன். என் வீட்டில் அந்த வாக்கியத்துக்கு இப்படி ஓர் அர்த்தம் இருக்கும் என்று நினைத்ததில்லை.

மறுநாள் சாயங்காலம் மகளைக் கூட்டிக்கொண்டு கோயிலுக்குப் போனேன். பாடகர் குழு நிற்கிற இடத்தில், முதல் தூணை ஒட்டி அவளை நிறுத்தி, கையைத் தட்டச் சொன்னேன். நான் முன்வரிசைப் பெஞ்சில் உட்கார்ந்தேன். முதலில் கைத்தட்டல் சுள்ளென்று வந்தது. ஒரு நூலிழை நேரம் ஒன்றுமில்லை. அதற்குப் பிறகுதான் சுவர்கள் பேசின. நான் கடைசிப் பெஞ்சுக்குப் போய் உட்கார்ந்து, அவளை மறுபடி தட்டச் சொன்னேன். அங்கே இரண்டும் கலந்தே வந்தன. பக்கத்தில் நிற்பவருக்கும் தள்ளி நிற்பவருக்கும் வித்தியாசம் அந்த நூலிழையில் இருக்கிறது. என் மனைவி பாடிய காலத்தில் நான் ஏன் முன்பெஞ்சைப் பிடிக்க அவ்வளவு சீக்கிரம் பூசைக்கு வந்தேன் என்பதும் அப்போதுதான் விளங்கியது. பக்தி என்று என் அம்மா ஊரெல்லாம் பெருமையடித்துக்கொண்டிருந்தார்.

கூடத்துக்குத் திரும்பிப் பெரிய மண்டபத்தைத் தூக்கி எறிந்தேன். அவள் குரலைக் காய்ந்தபடியே வைத்துக்கொண்டேன். அதிலிருந்து கொஞ்சமே கொஞ்சம் தனித்தடம் ஒன்றுக்கு, அதாவது வேறொரு ட்ராக்குக்கு, அனுப்பி, அங்கே ரிவெர்பை வைத்தேன். கார்வை ஒரு நொடியளவில் அடங்கிவிட வேண்டும். குரல் கிளம்பி, கண்ணிமைப்பதைவிடக் குறைந்த அந்த நூலிழை நேரம் கழித்தே அது தொடங்க வேண்டும்; அப்போதுதான் சொல் முன்னால் நிற்கும், சுவர் பின்னால் வரும். கார்வையில் அடிச்சத்தத்தை வெட்டினேன், இல்லையென்றால் குடத்துக்குள் பேசுகிற மாதிரி குமுறும். உச்சியையும் கொஞ்சம் மழுக்கினேன், இல்லையென்றால் ஒவ்வொரு ‘ச’வும் சீறும். பிள்ளைகளின் குரல்களிலிருந்தும் அதே தடத்துக்கு ஒரு சிட்டிகை அனுப்பினேன். தாயும் பிள்ளைகளும் ஒரே கூரையின் கீழ் நிற்க வேண்டுமே.

அளவு பார்ப்பது ரசத்துக்கு உப்புப் பார்ப்பதுதான். கார்வை காதுக்குத் தெரிகிற வரை ஏற்றினேன், தெரியாமல் போகிற இடத்துக்கு இறக்கினேன். பிறகு அந்தத் தடத்தை அணைத்தேன். சட்டென்று அவள் கூட்டத்திலிருந்து பிய்ந்து போனுக்குள் போய்விட்டாள். திரும்பப் போட்டேன். கார்வை என்று எதுவும் தனியாகக் கேட்கவில்லை. தூண் பக்கத்தில் அவள் நின்றாள்.

பள்ளிக்கூடம் விட்டு வந்த மகள் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். கடைசிச் சரணத்தில் அம்மா பாட, பதிலுக்கு இவள் குரல் வர, நாற்காலியில் உட்கார்ந்திருந்தவள் அம்மா நிற்கிற இடப்பக்கமாக லேசாகச் சாய்ந்தாள். அவ்வளவுதான். எனக்கு வேறு சான்றிதழ் தேவைப்படவில்லை.

புதுநன்மை அன்று வீடியோ எல்லாருக்கும் போயிற்று. மனைவியிடமிருந்து ஒரு குரல்செய்தி வந்தது. “பாவி மனுசா, என்னயக் கொண்டுபோய் அங்குட்டு நிறுத்திட்டீகளே” என்பதோடு அது முடிந்துவிட்டது. எனக்கு அவள் வேண்டும் என்று அன்றைக்குப் போல என்றைக்கும் இருந்ததில்லை. கோயிலில் நிறுத்த முடிந்தவனுக்கு வீட்டு வாசலில் நிறுத்தத் தெரியவில்லையே.

அடுத்த ஞாயிறு மத்தியானம், சாப்பிட்டுவிட்டுப் பாயில் படுத்திருந்த மகள் கேட்டாள், “அப்பா, அந்தப் பழைய பாட்டு இருக்கா? ஒண்ணும் போடாதது?”

“அது ஒட்டவச்ச மாதிரி இருக்குன்னு சொன்ன?”

“அது கூட்டத்துல. புதுசுல அம்மா எல்லாருக்கும் பாடுறாக. பழசு எனக்கு மட்டும் வேணும்.”

வெட்டி வைத்திருந்த வாலையும் ஒட்டி அவள் கையில் போனைக் கொடுத்தேன். தலையணையில் வைத்து, அதன் மேலேயே காதை வைத்துக்கொண்டாள். பாட்டு முடிந்தது. துணி சரசரக்கிற சத்தம் எனக்கும் லேசாகக் கேட்டது.

“போதுமாங்க? மூச்சு முட்டுது. கதவத் தொறக்கட்டுமா?”

பாதித் தூக்கத்தில் இருந்த மகள் போனைப் பார்த்துச் சொன்னாள், “தொறந்துட்டு வாங்கம்மா.”