முடிந்துவிட்டதாக நான் எழுதிய கூட்டம்

மகன் பிறந்த பிறகு நான் அனுப்பிய முதல் விண்ணப்பம் அது. இரண்டு பக்கச் சுயவிவரத்தை எத்தனை முறை திருத்தினேனோ தெரியாது. முந்தைய வேலையில், கடலுக்குப் போய்த் திரும்பாத மீனவர்களின் குடும்பங்கள் நாற்பது என் பொறுப்பில் இருந்தன. நிவாரண மனுக்களுக்கு உதவினேன், காலாண்டு அறிக்கைகள் எழுதினேன். நிதி கேட்கும் திட்ட வரைவில் செலவுக் கணக்கு மட்டும் என்னுடையது. அதனால் அங்கே 'தயாரித்தேன்' என்பதை அடித்து 'உதவினேன்' என்று மாற்றினேன். அந்த மீனவர்களின் மனைவிகளுக்காக நான் நடத்திய வாராந்திர ஆறுதல் கூட்டத்துக்கு நேராக, 'நிதி நின்றதும் முடிவடைந்தது' என்று எழுதினேன்.

நேர்காணல் நடத்திய ஒருங்கிணைப்பாளர் அந்த வரியில் விரல் வைத்தார். "ஆளுங்க பேரு வேண்டாம், அது ரகசியம். கூட்டம் நடந்த இடத்தைக் காட்டுங்க. அங்கதான் நாங்க வேலை ஆரம்பிக்கப் போறோம்."

புதுமடம் கிராமத்துக்கு அப்பால், கரையோரப் புயல் காப்பகம். பூட்டிக் கிடக்கும் என்று நினைத்துக்கொண்டே ஒருங்கிணைப்பாளரின் ஜீப்பிலிருந்து இறங்கினேன். உள்ளே பேச்சுக் குரல் கேட்டது. என் குரல் மாதிரி இருந்தது.

பெண்கள் வட்டமாகத் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். முன்பு நான் உட்காரும் பிளாஸ்டிக் நாற்காலியில் ஒருத்தி. என் காலத்தில் ஒரு வாரம்கூட வாய் திறக்காதவள். 'பேசவில்லை' என்றே அவளைப் பற்றி எப்போதும் குறித்து வந்தேன். இப்போது தலையை என்னைப் போலவே சாய்த்து, "இந்த வாரம் தூக்கம் எப்படி? அவசரம் இல்ல, மெதுவாச் சொல்லுங்க" என்று கேட்டுக்கொண்டிருந்தாள். சொற்கள், இடையில் விடும் மூச்சு, எல்லாம் என்னுடையவை.

ஒருங்கிணைப்பாளர் என் பக்கம் திரும்பினார். "முடிஞ்சதுன்னு எழுதியிருக்கீங்களே?"

பொய் எழுதியவளாக நின்றேன். வேலை போய்விட்டது என்றே தோன்றியது.

"யாரு நடத்துறாங்க?" என்று அவர் பெண்களைக் கேட்டார்.

"இந்த டீச்சர்தான்," என்று ஒரு கிழவி என்னைக் காட்டினாள். "இவுக பேச்சத்தான அவ பேசி வாராவாரம் நடத்துறா."

"ஏத்தா, நாற்காலியில ஒரு டீச்சர் இருக்கையில வந்த டீச்சரக் காட்டுறியா?" என்று இன்னொருத்தி சொல்ல, ஒன்றிரண்டு பேர் சிரித்தார்கள். நாற்காலியில் இருந்தவள் சிரிக்கவில்லை. வட்டத்தில் ஓர் இடம் காலியாக இருந்தது. அவள் முன்பு உட்காரும் இடம். அதைக் கையால் காட்டினாள். உட்கார்ந்தேன்.

"பிள்ள பொறந்த பொறகு தூங்குறீங்களா?" என்று கேட்டாள். கடைசிக் கூட்டங்களை நான் நிறைமாத வயிற்றோடு நடத்தியதை அவள் பார்த்திருந்தாள்.

யாரும் என்னிடம் கேட்காத கேள்வி. ஒருங்கிணைப்பாளர் கேட்டுக்கொண்டிருக்கிறார் என்று தெரிந்தும், "இல்ல," என்றேன். "அவன் மூச்சு விடுறானான்னு தொட்டுத் தொட்டுப் பாக்குறேன்."

ஒருங்கிணைப்பாளர் சுயவிவரத்தை மடித்துப் பைக்குள் வைத்தார். "இவங்கள இங்கன வேலைக்குப் போடலாம்னு இருக்கேன். உங்களுக்குச் சம்மதமா?" என்று பெண்களைப் பார்த்துக் கேட்டார்.

பதில் நாற்காலியிலிருந்து வந்தது, என் குரலில்: "போடுங்க. ஆனா கொஞ்ச நாளைக்கு இவங்க அங்கனயே உக்காரட்டும்."

நான் எழுந்திருக்கவில்லை.