எட்டாவது முளை

சாமிதுரை பள்ளிக்கூடத்தில் எட்டாவதோடு நின்றவர். நெடுஞ்சாலைத் துறையில் பதின்மூன்று வருடம் அளவுச் சங்கிலி இழுத்தார். இருபது மீட்டர் சங்கிலியின் முன் பிடியைக் கையிலும், முளைக்குச்சிக் கட்டை இடுப்பிலும், கண்ணை மறைக்கும் கிளைகளைக் கழிக்க ஓர் அரிவாளை முதுகிலும் சுமந்தபடி தஞ்சை மாவட்டத்தின் பாதி வயல்களை நடந்து கடந்தவர். அலுவலகக் குறிப்பேட்டில் அவருடைய பதவி ‘செயின்மேன்’. சம்பளப் பட்டியலில் அதற்குக் கீழே யாரும் இல்லை.

கணக்கு அவருக்குக் காதில் விழுந்து வந்தது. பொறியாளர்கள் வாய்விட்டுக் கணக்குப் போடுவார்கள். பக்கத்தில் நிற்கிற ஆளுக்குக் காது உண்டு என்பது அவர்களுக்குத் தோன்றாது. ஆயிரத்து எழுநூற்றுப் பதினெட்டே முக்காலே சொச்சத்தை முளைக்கு முளை நேர்க்கோடான நாணின் நீளத்தால் பெருக்கி, வளைவின் ஆரத்தால் வகுத்தால், ஒரு நாணுக்குத் திருப்ப வேண்டிய கோணம் நிமிடத்தில் வரும். ஆரம் பெருகினால் கோணம் சிறுக்கும். இதற்குப் பூணூலும் வேண்டாம், பட்டமும் வேண்டாம்.

1974-ல் அறுவடை முடிந்த கையோடு, சீர்காழிக்குக் கிழக்கே மேலவடுகன்குடிச் சாலையை வளைத்துப் போட முளை அடிக்க வந்தார்கள். வருகிற சாலையும் போகிற சாலையும் நீட்டினால் ஒரு புள்ளியில் முட்டும். அங்கே சாலை அறுபது டிகிரி திரும்ப வேண்டும். அந்தப் புள்ளியை ஒட்டி வளைவின் வெளிப்பக்கம் இராஜாங்கத்தின் தென்னந்தோப்பு. உள்பக்கம் சேரியின் ஒன்பது வீடுகள். மூன்றாவது வீடு சாமிதுரையின் அக்கா ராமாயியுடையது. குடியிருப்பு மனைக்குச் சட்டம் வந்து, அந்த ஒன்பது வீட்டுக்கும் பட்டா கிடைத்து ஒன்றரை வருடம்தான் ஆகியிருந்தது. பட்டா கொடுக்க நேர்ந்த மிராசுதார் அதே இராஜாங்கம். ஆட்சி மாறிய வாரமே துண்டின் கரையையும் மாற்றிக்கொண்டு, பகுத்தறிவு மேடையில் முன்வரிசையில் உட்கார்ந்தவர்.

அன்று காலை உதவிப் பொறியாளர் பஞ்சநதம் முட்டும் புள்ளியிலிருந்து பின்னோக்கி அளக்கச் சொன்னார். வளைவு தொடங்கும் இடம் அங்கேதான் தீர்மானமாகும். மூன்று மாதத்துக்கு முன் இதே புள்ளியிலிருந்து சாமிதுரையே அளந்திருக்கிறார். ஐந்து சங்கிலி, பிறகு பதினைந்தரை மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. ஆரம் இருநூறு. சாலை தோப்பின் ஒரு மூலையைக் கடித்துக்கொண்டு போயிருக்கும்.

ஐந்து சங்கிலி ஆனதும் நின்றார்.

“ஏன்யா நிக்கிற? இழு.”

“சார், அஞ்சோட பதினஞ்சரைதானே?”

“எட்டோட பதிமூணு புள்ளி ரெண்டு. இழு.”

சாமிதுரை இழுக்கவில்லை. நூற்று எழுபத்து மூன்று மீட்டர் வர வேண்டுமானால் ஆரம் முந்நூறு. வளைவின் நடு, முட்டும் புள்ளியிலிருந்து முப்பத்தொரு மீட்டர் தள்ளி இருந்தது, இனி நாற்பத்தாறரை ஆகும். பதினைந்தரை மீட்டர் உள்ளே, சேரிப் பக்கம். அது எங்கே என்று தலையைத் திருப்பிப் பார்க்க வேண்டிய தேவை அவருக்கு இல்லை.

“ஆரத்தை மாத்திட்டீங்களா சார்?”

பஞ்சநதம் சிரித்தார். “அடேயப்பா! ஆரமெல்லாம் பேசுறாரு. பஸ்ஸு வேகமா திரும்ப வேணாமா? மேலேருந்து வந்த உத்தரவுய்யா.”

“இந்த ரோட்டுல நாளைக்கு ரெண்டு பஸ்ஸு சார். மிச்சமெல்லாம் மாட்டு வண்டி. மாடு எந்த வேகத்துல சார் திரும்பும்?”

“அதை மாட்டுக்கிட்ட கேளு.”

கோணம் அளக்கும் தியோடலைட்டைத் தொடக்கப் புள்ளியில் நிறுத்தி, முட்டும் புள்ளியைப் பார்த்து பூஜ்யம் வைத்தார் பஞ்சநதம். முதல் முளைக்கு ஒரு டிகிரி ஐம்பத்து நாலு நிமிடம் முப்பத்தைந்து விநாடி. ஆரம் இருநூறாக இருந்திருந்தால் இரண்டு டிகிரி ஐம்பத்திரண்டு நிமிடம். சாமிதுரை சங்கிலியை இறுக்கிப் பிடித்து, கையசைவுக்கு ஏற்ப இடதும் வலதும் நகர்ந்து, பார்வைக்கோடும் இருபது மீட்டரும் சேர்கிற இடத்தில் முளை அடித்தார். அடுத்ததற்குக் கோணம் இரட்டிப்பு, சங்கிலி முதல் முளையிலிருந்து. அப்படியே மூன்று, நான்கு. வேண்டுமென்றே சங்கிலியைத் தொய்ய விட்டிருக்கலாம். ஆனால் கடைசி முளை சரியாக முப்பது டிகிரியில் வளைவின் முடிவுப் புள்ளியில் விழ வேண்டும். விழாவிட்டால் மறுபடி அடிப்பார்கள், அவ்வளவுதான். தப்பான அளவால் ஒரு வீடும் பிழைக்காது என்று அவருக்குத் தெரியும். அவர் நம்பியது சரியான அளவை.

எட்டாவது முளை, பதினைந்து டிகிரி பதினாறு நிமிடம் நாற்பது விநாடி, ராமாயியின் முற்றத்தில் அடுப்புக்கு ஒரு முழம் தள்ளி விழுந்தது.

ராமாயி உலையை விட்டு எழுந்து வந்தாள். “என்னடா தம்பி, எங்க வந்து குச்சி அடிக்கிற?”

“ரோடுக்கா.”

“ரோடு தோப்போரமா போவுதுன்னியே?”

அவர் பதில் சொல்வதற்குள் தூரத்திலிருந்து பஞ்சநதத்தின் குரல் வந்தது. “ஒன்பதாவது தெரியல! அந்தக் கூரை மூலை மறைக்குது. வெட்டுய்யா!”

மறைப்பதை வெட்டுவது செயின்மேன் வேலை. பதின்மூன்று வருடத்தில் எத்தனையோ கருவேல மரம், எத்தனையோ வேலி. சாமிதுரை அரிவாளை முதுகிலிருந்து எடுத்தார். ராமாயி அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் அரிவாளை எட்டாவது முளையின் மேல் வைத்துவிட்டு வயலில் இறங்கி நடந்தார்.

கூரையை இன்னொரு செயின்மேன் வெட்டினான். பதினைந்து முளையும் மிச்சப் பதினான்கு மீட்டரும் பிசகில்லாமல் முடிந்தன.

அந்த வாரம் சாமிதுரை கலெக்டருக்கு ஒரு மனு எழுதினார். புலம்பல் இல்லாத மனு. இரண்டு ஆரம், இரண்டு கோண அட்டவணை, ஒரு படம். முந்நூறில் ஒன்பது வீடு போகும், இருநூறில் பதினொரு தென்னை போகும், இந்தச் சாலைக்கு இருநூறு தாராளம். கீழே ஒன்பது கைநாட்டு.

மனு சுற்றி அலைந்து, அதே துறையின் கோட்டப் பொறியாளர் மேசைக்கே விசாரணைக்கு வந்தது. அவர் முதலில் கேட்ட கேள்வி ஆரத்தைப் பற்றியதல்ல.

“இதை யாரு எழுதிக் குடுத்தா?”

“நாந்தாங்க ஐயா.”

“பொய் சொல்லாத. ஆபீஸ் ஃபைலை யாரு உனக்குக் காட்டினா?”

சாமிதுரை ஒரு தாள் கேட்டார். நின்றபடியே, ஆரம் இருநூற்றைம்பது என்று வைத்துக்கொண்டு, எந்த ஃபைலிலும் இல்லாத ஓர் அட்டவணையைப் போட்டுக் கொடுத்தார். கோட்டப் பொறியாளர் தம் பேனாவால் சரிபார்த்தார். ஒரு விநாடி கூடப் பிசகவில்லை. பஞ்சநதம் சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

“கணக்கெல்லாம் சரிதான்” என்றார் கோட்டப் பொறியாளர். “தெரிஞ்சவன் வேணும்னே வேலையைக் கெடுத்தா அது குத்தம் இல்லையா?”

கணக்குத் தெரியாதென்றால் திருடன். தெரியுமென்றால் சதிகாரன். உத்தரவை மறுத்தது, அலுவலகத் தகவலை வெளியிட்டது என்று இரண்டு குற்றச்சாட்டில் வேலை போயிற்று. வளைவு முந்நூறிலேயே நின்றது. ஒன்பது குடும்பத்தையும் வாய்க்கால் கரைப் புறம்போக்கில் கொண்டுபோய் விட்டார்கள். பட்டாவை ராமாயி கடைசிவரை தகரப் பெட்டியில் வைத்திருந்தாள். அதில் எழுதியிருந்த இடத்தின் மேல் தார் இருந்தது. சாலைத் திறப்பு விழாவில் சமத்துவம் பற்றி நாற்பது நிமிடம் பேசியவர் இராஜாங்கம்.

சாமிதுரை அதன்பின் நடவுக்கும் அறுப்புக்கும் கூலிக்குப் போனார். வரப்புத் தகராறு வந்தால் அளந்து சொல்ல அவரைத்தான் கூப்பிட்டார்கள், ஊர்த்தெருவிலிருந்தும்கூட. அளந்ததும் தண்ணீரைத் தனிக் குவளையில் கொடுத்தார்கள். அவர் குடிக்காமல் வந்துவிடுவார்.

பன்னிரண்டு வருடம் கழித்து, பஸ்கள் பெருகி, பெரிய வளைவில் ஒன்று வேகம் குறையாமல் வந்து, வாய்க்கால் கரைக்குத் திரும்பிய ரெத்தினத்தைச் சைக்கிளோடு அடித்துப் போட்டது. ராமாயி வீட்டுக்கு அடுத்த வீட்டுக்காரன் அவன். பிணத்தை நடுரோட்டில் வைத்துச் சேரி சனம் இரண்டு நாள் மறித்தது. மூன்றாம் நாள் துறையிலிருந்து ஒரு புதிய பொறியாளர் வேகத்தடை போட வந்தார். வளைவின் நடு எது என்று தெரியாமல் நாடாவை விரித்துக்கொண்டிருந்தார்.

கூட்டத்திலிருந்து சாமிதுரை வந்தார். நாடாவைத் தொடவில்லை. சாலையில் இருபதடி நடந்து, குதிகாலால் ஒரு கோடு கிழித்தார்.

“இங்க போடுங்க சார். எட்டாவது முளை இங்கதான். நடு இதுக்கு மூணு மீட்டர் முன்னாடி.”

“உங்களுக்கு எப்படிங்க தெரியும்?”

“இது எங்க அக்கா அடுப்பு.”

வேகத்தடை அங்கேதான் இருக்கிறது. வேகமாகத் திரும்புவதற்கென்று ஒன்பது வீட்டை இடித்துப் போட்ட முந்நூறு மீட்டர் வளைவில் ஒவ்வொரு பஸ்ஸும் இன்று மாட்டு வண்டி வேகத்துக்கு இறங்கி, ராமாயியின் அடுப்பின் மேல் ஒருமுறை ஏறி இறங்கிப் போகிறது. தென்னை பதினொன்றும் காய்க்கின்றன.