இரண்டு கம்பம் தள்ளி

எங்களுக்குக் கல்யாணமாகி இருபது வருடத்தில், நானும் என் மனைவியும் ஒரே ஊரில் சேர்ந்து இருந்தது முதல் எட்டு மாதம் மட்டும்தான். அவள் கடலூர் அரசு மருத்துவமனையில் நர்ஸ். எனக்குத் திருவண்ணாமலையில், வேங்கிக்கால் கலெக்டர் ஆபீஸ் வளாகத்தில் இருந்த ஓர் அலுவலகத்தில் தபால் பிரிவில் வேலை. வருகிற கடிதங்களுக்கு முத்திரை குத்தி, எண் போட்டு, உரிய மேஜைக்கு அனுப்ப வேண்டும். மகள் பிறந்ததிலிருந்து அம்மாவோடுதான் வளர்ந்தாள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் நான் பஸ் ஏறுவேன், ஞாயிற்றுக்கிழமை திரும்பி வந்துவிடுவேன். அவள் முதன்முதலாக நடந்தது ஒரு புதன்கிழமை. எனக்குக் கடிதத்தில்தான் தெரிந்தது.

அவள் பத்தாம் வகுப்புக்குப் போன வருடம் இரண்டு காரியங்கள் சேர்ந்து வந்தன. வேங்கிக்காலைத் தாண்டிப் புதிதாகப் போட்ட மனையில் நான் கடன் வாங்கிக் கட்டிய வீடு பூச்சு வேலைக்கு வந்தது. திருவண்ணாமலை ஆஸ்பத்திரியில் இருந்த ஒரு நர்ஸ், கடலூர்ப் பக்கத்துக்காரி, சொந்த ஊருக்குப் போகத் துடித்துக்கொண்டிருந்தாள். அவளும் என் மனைவியும் கையெழுத்துப் போட்டால், இடம் மாற்றிக்கொள்ள மனமொத்த மாறுதல் கிடைக்கும். மகள் பரீட்சை எழுதி முடிக்கட்டும், ஜூனில் இங்கே பிளஸ் ஒன் சேர்த்துவிடலாம் என்று பேசி வைத்தோம். இரண்டு வருடம். அதற்குப் பிறகு காலேஜ், ஹாஸ்டல் என்று போய்விடுவாள். என் மகளோடு ஒரே வீட்டில் இருக்க எனக்கு மிச்சமிருந்தது அந்த இரண்டு வருடம்தான் என்பது அப்போதே எனக்குத் தெரிந்திருந்தது.

அரைப்பரீட்சை லீவுக்கு வந்தவள், வயரிங் செய்துகொண்டிருந்தவரிடம் போய், ஜன்னலோரம் தன் மேஜை வரும் இடத்தைக் காட்டி, அங்கே ஒரு பிளக் வைக்கச் சொன்னாள். அங்கிருந்து பார்த்தால் மலை தெரியும். "படிக்கிறதுக்கா, மலையப் பாக்கிறதுக்கா?" என்று அவர் கேட்டார். "ரெண்டுத்துக்கும்" என்றாள்.

லைசென்ஸ் உள்ள கான்ட்ராக்டரிடம் டெஸ்ட் ரிப்போர்ட் வாங்கி, பத்திர நகலும் வீட்டு வரி ரசீதும் இணைத்து, மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் மின் இணைப்புக்கு விண்ணப்பம் கொடுத்தேன். உதவிப் பொறியாளர் ஆள் அனுப்பி அளந்து பார்த்தார். கடைசிக் கம்பத்திலிருந்து என் வீடு வரைக்கும் ஒயர் எட்டாது, நடுவில் இரண்டு கம்பம் நட வேண்டும் என்று மதிப்பீடு போட்டார்கள். கட்டச் சொன்னதைக் கட்டி, பிப்ரவரிக் கடைசியில் ரசீது வாங்கினேன். லைன் இழுக்க வேண்டிய இணைப்புக்கு அறுபது நாள் கெடு என்றும், அதற்குள் கண்டிப்பாக வந்துவிடும் என்றும் உதவிப் பொறியாளர் சொன்னார். முப்பது வயதுகூட இருக்காது அவருக்கு. மரியாதையாகப் பேசினார். நான் நம்பினேன்.

ஏப்ரல் முடிந்தது. கம்பம் வரவில்லை. போய்க் கேட்டபோது ஸ்டோரிலிருந்து வர வேண்டும், இரண்டு வாரம் ஆகும் என்றார்கள். இரண்டு வாரம் கழித்துப் போனேன். மறுபடியும் இரண்டு வாரம் என்றார்கள். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் கடலூரில் கிளம்பும்போது அந்த இரண்டு வாரத்தை மனைவியிடம் சொல்லிவிட்டு வருவேன்.

ஊருக்குள் ஒரு வீட்டை வாடகைக்குப் பிடித்திருக்கலாமே என்று பிற்பாடு பலரும் கேட்டார்கள். நானும் என்னைக் கேட்டுக்கொண்டேன். கடன் தவணை ஒரு காரணம்தான். ஆனால் உண்மை அதுவல்ல. கம்பம் எப்போதும் இரண்டு வாரத் தொலைவில்தான் இருந்தது. இரண்டு வாரத்துக்காக யார் வீடு மாறுவார்கள்?

மே மாதம் அதே பிரிவு அலுவலகத்தில் முதல் தடவையாக எழுதிக் கொடுத்தேன். விண்ணப்பப் பதிவு எண், பணம் கட்டிய நாள், கெடு முடிந்த நாள் எல்லாம் போட்டு, இணைப்பு இன்றுவரை வழங்கப்படவில்லை, தாமதத்துக்கான காரணத்தை எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும் என்று கேட்டிருந்தேன். அங்கிருந்த கிளார்க் கடிதத்தை வாங்கி, மேஜை ஓரம் வைத்துவிட்டு, போகலாம் என்பதுபோல் தலையாட்டினார். நகலில் முத்திரை குத்தித் தரும்படி கேட்டேன். அவருக்கு முகம் மாறிவிட்டது. நானும் தபால் கிளார்க்தான், பதிவேட்டில் ஏறாத கடிதம் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும் என்றேன். முத்திரையை எடுத்துக் குத்திக் கொடுத்தார்.

பதில் வரவில்லை. மே கடைசியில் பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்தது. மகள் நல்ல மார்க். அன்றைக்கே மனைவியிடமிருந்து போன்.

"அந்த நர்ஸம்மா இன்னிக்கும் கேட்டாங்க. ஜூன் பத்துக்குள்ள கையெழுத்துப் போடலைன்னா, வேற ஒருத்தி ரெடியா இருக்காளாம். இன்னும் எத்தனை நாளு ஆவும்?"

நான் இரண்டு வாரம் என்றேன்.

"கரண்ட் இல்லாத வீட்ல பிளஸ் ஒன் படிக்கிற புள்ளைய வச்சிக்கிட்டு, நான் நைட் டியூட்டிக்குப் போவ முடியாதுங்க" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

மறுநாள் உபகோட்ட அலுவலகத்தில் உதவி செயற்பொறியாளரிடம் புகார் கொடுத்தேன். செயற்பொறியாளருக்கு ஒப்புகை அட்டையுடன் பதிவுத் தபால் அனுப்பினேன். அட்டை கையெழுத்தாகித் திரும்பி வந்தது. ஜூன் பத்தாம் தேதியும் வந்தது, போனது. அந்த நர்ஸ் கடலூரிலேயே இருந்த இன்னொருத்தியோடு கையெழுத்துப் போட்டாள். அவளைக் குறை சொல்ல முடியாது. அவளுக்கும் கடலூரில் பிள்ளைகள் இருந்தார்கள். என் மகளை அங்கேயே, அவள் படித்த பள்ளியிலேயே, பிளஸ் ஒன் சேர்த்தோம். பீஸ் கட்டும் வரிசையில் நானும் நின்றேன். ஃபாரத்தில் அப்பா முகவரி என்ற இடத்தில் திருவண்ணாமலை என்று அவளே எழுதினாள்.

அதற்குப் பிறகும் ஏன் விடாமல் அலைந்தேன் என்று சொல்லத் தெரியவில்லை. அவசரம் போய்விட்டிருந்தது. இனி கரண்ட் ஜூலையில் வந்தாலும் கார்த்திகைத் தீபத்துக்கு வந்தாலும் எனக்கு ஒன்றுதான். ஆனால் காரணம் தெரிய வேண்டும் என்றிருந்தது. மாதம் ஒருமுறை மேற்பார்வைப் பொறியாளர் நுகர்வோர் குறை கேட்கும் கூட்டம் நடத்துவார் என்று கேள்விப்பட்டு, அரைநாள் லீவு போட்டுப் போனேன். பத்துப் பதினைந்து பேர் உட்கார்ந்திருந்தோம். மீட்டர் ஓடவில்லை என்று ஒருவர், வயலில் ஒயர் தொங்குகிறது என்று அடி அண்ணாமலையிலிருந்து ஒரு பெரியவர். என் முறை வந்ததும் முத்திரை விழுந்த நகல்களையும் ஒப்புகை அட்டையையும் வரிசையாக மேஜைமேல் வைத்தேன். மேற்பார்வைப் பொறியாளர் ஒவ்வொன்றாகப் படித்தார். பிறகு எங்கள் பகுதி உதவிப் பொறியாளரைப் பார்த்தார்.

அந்தப் பையன் எழுந்து நின்றான். பையன் என்றுதான் அன்றைக்குத் தோன்றியது. கையில் பதிவேடு இருந்தும் அவன் அதைத் திறக்கவில்லை. என்னைப் பார்த்தே பேசினான்.

"உங்க ரெண்டு கம்பமும் ஏப்ரல்லயே வந்துடுச்சு சார். சித்ரா பௌர்ணமிக்கு நாலு நாள் முன்னாடி காத்துல கிரிவலப் பாதையில ரெண்டு கம்பம் சாஞ்சிடுச்சு. லட்சக்கணக்குல ஜனம் நடக்கப் போற ரோடு. கையில வேற கம்பம் இல்ல. உங்களுத எடுத்து அங்க நட்டுட்டேன். பதிலுக்கு ஸ்டோருக்கு எழுதிக் கேட்டிருக்கணும். பௌர்ணமி வேலையில விட்டுப்போச்சு. அப்புறம் பாத்தா பதிவேட்ல உங்க பேருக்குக் கம்பம் கொடுத்தாச்சுன்னு இருக்குது. ஸ்டோர்ல கேட்டா கொடுத்துட்டோமேங்கிறாங்க."

மேற்பார்வைப் பொறியாளர் கடுமையாக ஏதோ சொன்னார். பதினைந்து நாளில் இணைப்புக் கொடுத்து அறிக்கை அனுப்ப வேண்டும் என்று அங்கேயே எழுதிக் கையெழுத்திட்டார். தாமதத்துக்கு இழப்பீடு கேட்க விதி இருக்கிறது, எழுதிக் கொடுங்கள் என்றும் என்னிடம் சொன்னார். நான் தலையாட்டினேன். கேட்கவில்லை. இழந்தது என்னவென்று எந்தப் படிவத்தில் எழுதுவது?

வெளியே வந்தபோது உதவிப் பொறியாளர் பின்னாலேயே வந்தார். மன்னிச்சிடுங்க சார் என்றார். எனக்கு அவர்மேல் கோபம் வர வேண்டும் என்று நான் காத்திருந்தேன், வரவில்லை. நானாக இருந்தாலும் அந்தக் கம்பங்களை அங்கேதான் நட்டிருப்பேன். எழுத வேண்டிய ஒரு கடிதத்தை மறந்துபோகிற ஆட்களை என் அலுவலகத்தில் தினமும் பார்க்கிறேன். ஒரு தடவை நானே மறந்திருக்கிறேன். அந்தக் கடிதத்துக்குக் காத்திருந்தவர் யார், அவருக்கு என்ன ஆயிற்று என்று அன்றுவரை நான் யோசித்ததில்லை. டீ சாப்பிடலாமா என்று கேட்டேன். இரண்டு பேரும் எதிர்க்கடையில் நின்று டீ குடித்தோம். அவருக்கும் ஒரு பெண் குழந்தை, மனைவியின் அம்மா வீட்டில், மூன்று மாதம் என்றார். லீவு எடுத்துப் போய்ப் பாருங்கள் என்றேன்.

ஆடி மாதம் பிறந்த மறுவாரம் இரண்டு கம்பமும் வந்தன. ஒரே நாளில் நட்டு, ஒயர் இழுத்து, மீட்டர் மாட்டிவிட்டார்கள். சாயங்காலம் நாலு மணி இருக்கும். லைன்மேன் மெயினைப் போட்டுவிட்டு, எல்லா அறையிலும் சுவிட்சைப் போட்டுப் பார்க்கச் சொன்னார். நான் ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டே போனேன். வெயில் வெளிச்சத்தில் பல்பு எரிவது சரியாகத் தெரியவில்லை. மகளுக்கென்று கட்டிய அறையில் மட்டும் ஃபேனைப் போட்டுவிட்டு, கீழே வெறுந்தரையில் உட்கார்ந்துவிட்டேன். பல மாதச் சிமெண்ட் தூசி காற்றில் கிளம்பிச் சுற்றியது. லைன்மேன் வாசலில் நின்று, "வூட்ல யாரும் இல்லீங்களா?" என்று கேட்டார். வருவாங்க என்றேன்.

கடலூருக்குப் போன் போட்டேன். மகள்தான் எடுத்தாள். கரண்ட் வந்துவிட்டது என்றேன். வந்துடுச்சா என்று கேட்டுவிட்டு, "இப்போ அங்க நீங்க மட்டுமா இருக்கீங்க?" என்றாள். ஆமாம் என்றேன். பள்ளியில் அன்றைக்கு நடந்தது, புது பிசிக்ஸ் வாத்தியார் பேசுகிற விதம், பக்கத்தில் உட்காரும் பெண்ணின் பெயர் என்று, நான் ஒன்றும் கேட்காமலேயே, வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தாள். அவ்வளவு நேரம் அவள் என்னிடம் போனில் பேசியது அதுதான் முதல் தடவை. நான் தரையில் படுத்துக்கொண்டு கேட்டேன்.

மனைவிக்கு மாறுதல் கிடைக்க மேலும் மூன்று வருடம் ஆயிற்று. அப்போது மகள் சென்னையில் ஹாஸ்டலில் இருந்தாள். லீவில் வருவாள், நாலு நாள் இருப்பாள், போய்விடுவாள். வந்தால் நன்றாகத் தூங்குவாள். காலையில் காபி போட்டு எடுத்துக்கொண்டு போய், கதவை மெதுவாகத் திறந்து பார்ப்பேன். எழுப்ப மனம் வராது. காபி ஆறிவிடும் என்று மனைவி சமையலறையிலிருந்து சொல்லுவாள். ஆறட்டும், வேறு போட்டுக்கொள்ளலாம் என்று நான் அங்கேயே நிற்பேன்.